குர்ஆன் படைக்கப்பட்டதா? பக்தாதின் மிஹ்னா விசாரணை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மிஹ்னா மிஹ்னா என்கிறார்களே, அது என்ன?

அரபியில் ‘சோதனை’ என்று பொருள். கி.பி. 833-இல் அப்பாஸிய கலீஃபா மஃமூன் தன் அதிகாரிகளுக்கு ஒரு கடிதம் எழுதினார். காஜிகள் என்ற நீதிபதிகள், நபியின் சொல்லையும் செயலையும் பதிந்த ஹதீஸ் அறிஞர்கள், நீதிமன்றத்தில் சாட்சி சொல்லத் தகுதி பெற்றவர்கள் எல்லோரையும் கூப்பிட்டு ‘குர்ஆன் படைக்கப்பட்டதா?’ என்று கேளுங்கள், ஆமாம் என்று சொல்பவர் மட்டும் பதவியில் இருக்கட்டும் என்பது அதன் சாரம். அவருக்குப் பின் முஃதஸிம், வாஸிக் என்று இன்னும் இரண்டு கலீஃபாக்கள் இதைத் தொடர்ந்தார்கள். நாலாவதாக வந்த முத்தவக்கில்தான் நிறுத்தினார். ஏறக்குறைய 15 ஆண்டுகள் ஓடிய விவகாரம் இது.

இரண்டு தரப்பும் குர்ஆன் இறைவனிடமிருந்து வந்தது என்றுதானே நம்பினார்கள்? அப்புறம் எதற்குச் சண்டை?

ஆமாம், அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. இறைவனின் பேச்சு என்பதிலும் இல்லை. அந்தப் பேச்சு இறைவனோடு என்றென்றும் இருந்ததா, இல்லை வானத்தையும் பூமியையும் போல அவன் ஒரு கட்டத்தில் உண்டாக்கியதா என்பதுதான் சண்டை.

படைக்கப்பட்டது என்று சொன்னவர்களின் வாதத்தை அவர்கள் இடத்தில் நின்று பார்த்தால்தான் அதன் கனம் புரியும். இறைவன் ஒருவனே, ஆரம்பம் இல்லாதவன் அவன் ஒருவனே. அவனோடு கூடவே குர்ஆனும் ஆரம்பம் இல்லாமல் இருந்தது என்றால் ஆரம்பமில்லாதவை இரண்டாகிவிடும், ஏகத்துவத்தில் ஓட்டை விழுந்துவிடும். இன்னொன்று, பேச்சு என்பது எழுத்து எழுத்தாக ஒன்றன்பின் ஒன்றாக வருவது. ‘பிஸ்மி’ என்று சொல்லும்போது ‘பே’ முடிந்த பிறகுதான் ‘ஸீன்’ வருகிறது. ஒன்று முடிந்து இன்னொன்று தொடங்குகிறது என்றால் அதற்குக் காலம் இருக்கிறது, காலம் இருந்தால் தொடக்கமும் இருக்கிறது. அப்படிப்பட்ட ஒன்று எப்படி அநாதியாக இருக்க முடியும் என்று கேட்டார்கள். குர்ஆனிலிருந்தே ஆதாரமும் காட்டினார்கள்: 43-வது அத்தியாயத்தின் 3-வது வசனம் ‘நாம் இதை அரபி மொழிக் குர்ஆனாக ஆக்கினோம்’ என்கிறது. ஆக்கப்பட்டது படைக்கப்பட்டதுதானே என்றார்கள்.

எதிர்த்தரப்பு வாதமும் லேசானது இல்லை. அறிவைப் போலவே பேச்சும் இறைவனின் பண்பு. இறைவனுக்கு ஒரு காலத்தில் அறிவு இல்லாமல் இருந்து பிறகு வந்தது என்று யாராவது சொல்வார்களா? அதே மாதிரி அவன் பேச்சும். அவன் எதையாவது படைக்க நினைத்தால் ‘குன்’, அதாவது ‘ஆகு’ என்கிறான், அது ஆகிவிடுகிறது என்று குர்ஆன் சொல்கிறது. அந்த ‘ஆகு’ என்ற சொல்லே படைக்கப்பட்டது என்றால், அதைப் படைக்க இன்னொரு ‘ஆகு’ வேண்டும், அதற்கு இன்னொன்று, இப்படிப் போனால் முடிவே கிடையாது. இந்த வாதத்தை முதல் தடவை படித்தபோது நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு ரொம்ப நேரம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

முஃதஸிலாக்கள் யார்?

மேலே பார்த்த ‘படைக்கப்பட்டது’ என்ற வாதத்தைப் பிடித்துக்கொண்டவர்கள். 8-ஆம் நூற்றாண்டில் இராக்கின் பஸ்ரா நகரத்தில் கிளம்பிய ஒரு சிந்தனைப் போக்கு. வாஸில் இப்னு அதா, அம்ர் இப்னு உபைத் இருவரையும் தொடக்கமாகச் சொல்வார்கள். பெரும்பாவம் செய்த முஸ்லிம் விசுவாசியா, அவிசுவாசியா என்ற கேள்விக்கு ‘இரண்டும் இல்லை, நடுவில் ஒரு நிலை’ என்று சொல்லி ஆசிரியர் ஹஸன் பஸரீயின் வட்டத்திலிருந்து விலகினார்கள், ‘விலகியவர்கள்’ என்பதால்தான் அந்தப் பெயர் என்று ஒரு கதை உண்டு. தங்களைத் தாங்கள் ‘நீதிக்கும் ஏகத்துவத்துக்கும் உரியவர்கள்’ என்றுதான் சொல்லிக்கொண்டார்கள்.

அந்த இரண்டு சொல்லும் முக்கியம். ஏகத்துவம் பற்றி மேலே சொல்லிவிட்டேன். நீதி என்பது, இறைவன் அநியாயம் செய்ய மாட்டான், அதனால் மனிதனுக்குச் சுயமாகத் தேர்ந்தெடுக்கும் சக்தி இருந்தே ஆகவேண்டும், இல்லையென்றால் தண்டிப்பதில் நியாயம் இல்லை என்பது. இதுவும் குர்ஆன் கேள்வியோடு வந்து முட்டுகிறது. 111-வது அத்தியாயம் நபியை எதிர்த்த அபூ லஹபைப் பெயர் சொல்லிச் சபிக்கிறது. அந்த வாசகம் உலகம் தோன்றும் முன்பே, காலம் இல்லாத காலத்திலிருந்தே இருந்தது என்றால் அபூ லஹபுக்குத் திருந்த வாய்ப்பு எங்கே இருந்தது? நல்லது எது கெட்டது எது என்பதைப் பெருமளவு அறிவாலேயே கண்டுகொள்ளலாம் என்றும் சொன்னார்கள். பகுத்தறிவு இறையியலாளர்கள் என்று இவர்களைச் சொல்வது அதனால்தான். ஆனால் இன்று நாம் ‘பகுத்தறிவு’ என்று சொல்லும் அர்த்தத்தில் இல்லை, வேதத்தை முழுமனதோடு நம்பியவர்கள், பலர் கடும் பக்திமான்கள்.

அப்போ மிஹ்னாவை நடத்தியது முஃதஸிலாக்கள்தானே?

பாதி சரி. கொள்கை அவர்களுடையது, உத்தரவு அரசனுடையது. குர்ஆன் படைக்கப்பட்டது என்று முதலில் பேசியவர்களே முஃதஸிலாக்கள் இல்லை, ஜஅத் இப்னு திர்ஹம், ஜஹ்ம் இப்னு ஸஃப்வான் என்று அப்பாஸியர்களுக்கு முந்தைய உமையா ஆட்சியின் கடைசிக் காலத்தில் கொல்லப்பட்ட இருவரைத்தான் சொல்வார்கள். மஃமூன் காலத்தில் இந்தக் கருத்துக்குப் பெயர்போன பிஷ்ர் அல்-மரீஸீயும் முஃதஸிலா இல்லை, சுயதேர்வு விஷயத்தில் அவர் அவர்களோடு ஒத்துப்போகவில்லை.

ஆனால் அஹ்மத் இப்னு அபீ துவாத் என்ற பெயரைத் தவிர்க்கவே முடியாது. முஃதஸிமின் தலைமைக் காஜி, முஃதஸிலாக் கருத்துடையவர். அவர் கையில்தான் மிஹ்னா நிர்வாகமாக உருவெடுத்து மாகாணம் மாகாணமாகப் போனது. அதே சமயம் ஜஅஃபர் இப்னு ஹர்ப், ஜஅஃபர் இப்னு முபஷ்ஷிர் போன்ற பக்தாத் முஃதஸிலா அறிஞர்கள் துறவு வாழ்க்கைக்காக மதிக்கப்பட்டவர்கள். ஒரு பள்ளி முழுவதையும் ஒரு தலைமைக் காஜியின் கணக்கில் எழுதிவிடுவது எனக்கு நியாயமாகத் தெரியவில்லை. ஆனால் அந்தப் பள்ளியின் கொள்கைக்காகத்தான் மனிதர்கள் சிறையில் செத்தார்கள் என்பதையும் மறைக்க முடியாது.

விசாரணையில் நிஜமாகவே என்ன கேட்டார்கள்? எப்படி நடந்தது?

இதற்குப் பதில் சொல்லத்தான் இந்தப் பக்கத்தையே எழுத ஆசைப்பட்டேன். வரலாற்றாசிரியர் தபரீ கேள்வி பதிலாகவே பதிந்து வைத்திருக்கிறார்.

முதலில் 7 பேரை மட்டும் பக்தாதிலிருந்து ரக்கா நகரத்துக்கு, மஃமூன் தங்கியிருந்த இடத்துக்கே அழைத்தார்கள். ஹதீஸ் துறையில் பெரிய பெயர்களான யஹ்யா இப்னு மயீன், இப்னு ஸஅத் இருவரும் அதில் உண்டு. 7 பேரும் ஒப்புக்கொண்டு ஊர் திரும்பினார்கள். கலீஃபாவுக்கு அது போதவில்லை. பக்தாதின் ஆளுநர் இஸ்ஹாக் இப்னு இப்ராஹீம் இன்னும் ஒரு கூட்டத்தை வரவழைத்து, கலீஃபாவின் கடிதத்தை இரண்டு தடவை வாசித்துக் காட்டிவிட்டு ஒவ்வொருவராகக் கேட்க ஆரம்பித்தார்.

முதலில் பிஷ்ர் இப்னு வலீத் என்ற காஜி.

“குர்ஆன் பற்றி என்ன சொல்கிறீர்?”
“அது இறைவனின் பேச்சு.”
“நான் அதைக் கேட்கவில்லை. படைக்கப்பட்டதா?”
“இறைவன் எல்லாப் பொருள்களையும் படைத்தவன்.”
“குர்ஆன் ஒரு பொருளா இல்லையா?”
“பொருள்தான்.”
“அப்படியானால் படைக்கப்பட்டதா?”
“அது படைப்பவன் இல்லை.”
“நான் அதைக் கேட்கவில்லை. படைக்கப்பட்டதா?”
“நான் சொன்னதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.”

பாருங்கள், அந்த மனிதர் சட்டம் படித்தவர், வாழ்நாள் முழுக்க மற்றவர்கள் வாக்குமூலத்தைக் கேட்டுத் தீர்ப்பு எழுதியவர், ஒவ்வொரு படியிலும் உண்மையையே சொல்லிக்கொண்டு, அந்த ஒரு சொல்லை மட்டும் வாயில் வராமல் காத்துக்கொள்கிறார். கேட்பவருக்கும் அது தெரிகிறது. பொருள் எல்லாம் படைக்கப்பட்டது, குர்ஆன் ஒரு பொருள் என்று இரண்டையும் ஒப்புக்கொண்டுவிட்டார், ஆனால் மூன்றாவதை மட்டும் சொல்ல மாட்டேன் என்கிறார்.

இன்னொருவர், இப்னுல் பக்கா. அவர் ‘குர்ஆன் ஆக்கப்பட்டது’ என்றார், மேலே சொன்ன 43:3 வசனத்தையே காட்டி. ஆக்கப்பட்டதென்றால் படைக்கப்பட்டதுதானே என்று ஆளுநர் கேட்க, ஆமாம் என்றார். அப்போ குர்ஆன் படைக்கப்பட்டதா? “படைக்கப்பட்டது என்று நான் சொல்ல மாட்டேன், ஆக்கப்பட்டது என்பேன்.” வேதத்தில் இருக்கும் சொல்லைச் சொல்வேன், இல்லாத சொல்லைச் சொல்ல மாட்டேன் என்பதுதான் அவர் பிடித்துக்கொண்ட கிளை.

வேறொருவர் ‘கட்டளையிடுங்கள், கேட்டு நடக்கிறேன்’ என்றார். அதற்கு ஆளுநர் சொன்ன பதில் கவனிக்க வேண்டியது: உமக்குக் கட்டளையிடும்படி எனக்கு உத்தரவு இல்லை, உம்மைச் சோதிக்கும்படிதான் உத்தரவு. கீழ்ப்படிந்தால் மட்டும் போதாது, உள்ளேயிருந்து அந்தச் சொல் வரவேண்டும் என்று அரசு எதிர்பார்த்தது.

ஹதீஸ் அறிஞர் அஹ்மத் இப்னு ஹன்பலின் முறை வந்தது. இறைவனின் பேச்சு என்றார். படைக்கப்பட்டதா என்றதற்கு, இறைவனின் பேச்சு, அதற்கு மேல் ஒன்றும் கூட்ட மாட்டேன் என்றார். இறைவன் ‘கேட்பவன், பார்ப்பவன்’ என்று வேதம் சொல்வதற்கு என்ன அர்த்தம் என்று மடக்கினார்கள். அவன் தன்னை எப்படி வர்ணித்தானோ அப்படியே இருக்கிறான். சரி, அதற்கு என்ன அர்த்தம்? “எனக்குத் தெரியாது. அவன் தன்னை வர்ணித்தபடியே இருக்கிறான்.”

அவர்கள் இப்படி நழுவியதும் கலீஃபா என்ன செய்தார்?

பதில்கள் எல்லாவற்றையும் எழுதி மஃமூனுக்கு அனுப்பினார்கள். அவர் ஒவ்வொருவர் பெயரையும் சொல்லித் திட்டி எழுதினார், இன்னார் இப்படிப் பணம் சேர்த்தவர், இன்னாருக்கு ஒன்றும் தெரியாது என்று. காஜி பிஷ்ரும், மஃமூனின் சித்தப்பா இப்ராஹீமும் ஒப்புக்கொள்ளாவிட்டால் தலையை வெட்டுங்கள், மற்றவர்களைச் சங்கிலி போட்டு என்னிடம் அனுப்புங்கள் என்று உத்தரவு வந்தது. கடிதம் வாசித்த உடனேயே 4 பேர் தவிர எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். அந்த 4 பேரையும் விலங்கு மாட்டி வைத்தார்கள். மறுநாள் ஸஜ்ஜாதா என்பவர் இறங்கி வந்தார். அதற்கு மறுநாள் கவாரீரீ. மிஞ்சியவர்கள் இருவர்: அஹ்மத் இப்னு ஹன்பலும் முஹம்மத் இப்னு நூஹ் என்ற இளைஞரும்.

ஒப்புக்கொண்டவர்களைக் கோழைகள் என்று சொல்லலாமா?

நான் சொல்ல மாட்டேன். வற்புறுத்தலில் வாயால் மட்டும் சொன்னவரை, மனம் நம்பிக்கையில் உறுதியாக இருந்தால், குர்ஆனே 16:106-இல் மன்னிக்கிறது. மக்காவில் சித்திரவதைக்கு ஆளான அம்மார் இப்னு யாஸிரை வைத்து இந்த வசனத்தை விளக்குவார்கள். பிஷ்ரும் அதைத்தான் காரணமாகச் சொன்னார்.

இதற்கு மஃமூனின் மறுமொழி இன்னும் கொடுமை. அந்த வசனம் உள்ளே விசுவாசத்தை வைத்துக்கொண்டு வெளியே இணைவைப்பைச் சொன்னவர்களுக்கு, உங்கள் கதை தலைகீழ், நீங்கள் தப்பாக விளக்கம் சொல்கிறீர்கள் என்று எழுதி, ஒப்புக்கொண்டவர்களையும் சேர்த்து எல்லையோரத் தர்ஸூஸ் நகருக்கு அனுப்பச் சொன்னார். அதாவது நீ ‘ஆமாம்’ என்று சொன்னாலும் எந்த மனதோடு சொன்னாய் என்று அடுத்த கேள்வி வரும். அவர்கள் ரக்கா வரை போனபோது மஃமூன் இறந்த செய்தி வந்தது. 833 ஆகஸ்ட் மாதம் அது. எல்லோரையும் பக்தாதுக்குத் திருப்பி அனுப்பினார்கள். திரும்பும் வழியில் முஹம்மத் இப்னு நூஹ் இறந்துவிட்டார்.

பொதுமக்களுக்கு இதனால் என்ன? அறிஞர்கள் விவகாரம்தானே?

இல்லை, இங்கேதான் சாட்சி விஷயம் வருகிறது. அந்தக் கால நீதிமன்றத்தில் யார் வேண்டுமானாலும் சாட்சி சொல்ல முடியாது, நேர்மையானவர் என்று காஜி ஏற்றுக்கொண்டவர் மட்டும்தான். நிலம் கைமாறுவது, கடன், கல்யாண ஒப்பந்தம் எல்லாம் அந்தச் சாட்சிகள் மேல்தான் நின்றது. மஃமூன் தன் முதல் கடிதத்திலேயே காஜிகளைச் சோதியுங்கள், அவர்கள் தங்கள் சாட்சிகளைச் சோதிக்கட்டும், ஒப்புக்கொள்ளாதவர் சாட்சியம் செல்லாது என்று சொல்லிவிட்டார். ஓர் ஊரின் கடைத்தெருவில் மரியாதைப்பட்ட மனிதர் ஒருவர் இந்தக் கேள்விக்குத் தயங்கினால், நேற்று வரை செல்லுபடியான அவர் வார்த்தை இன்று செல்லாது. எகிப்தில் வாஸிக் காலத்தில் இதைக் கடுமையாக அமல்படுத்தினார்கள், ‘படைக்கப்பட்ட குர்ஆனின் இறைவன்’ என்று பள்ளிவாசல் சுவரில் எழுதும் அளவுக்கு.

அறிவை மதித்த மஃமூன் ஏன் இப்படிச் செய்தார்?

அவர் கிரேக்க நூல்களை அரபியில் மொழிபெயர்க்க ஆதரவு தந்தவர் என்பதால் நிறையப் பேருக்கு இந்தக் குழப்பம். அவர் ஆட்சிக்கு வந்த வழியைப் பார்க்க வேண்டும். வேறு தாய்க்குப் பிறந்த தம்பி அமீனோடு போர் நடத்தி, 813-இல் பக்தாத் விழுந்து தம்பி கொல்லப்பட்ட பிறகுதான் முழு அதிகாரம் கைக்கு வந்தது. அப்புறமும் பல ஆண்டுகள் அவர் பக்தாதுக்கு வரவில்லை, தூரத்தில் மர்வ் நகரத்தில் இருந்தார். அந்த இடைவெளியில் பக்தாத் மக்கள் அவர் சித்தப்பா இப்ராஹீமையே கலீஃபா ஆக்கிப் பார்த்தார்கள். தெருக்களில் கொள்ளை தாங்காமல் சாதாரண ஆட்களே ‘நன்மையை ஏவித் தீமையைத் தடுப்போம்’ என்று கிளம்பிக் காவல் காத்தார்கள். கலீஃபா இல்லாமலே மார்க்கமும் ஒழுங்கும் நடக்கும் என்று ஒரு நகரம் பழகிக்கொண்டது. மக்கள் மார்க்கக் கேள்வி கேட்கப் போனது ஹதீஸ் அறிஞர்களிடம், அரண்மனையிடம் இல்லை.

மஃமூனின் கடிதங்களில் இந்த எரிச்சல் நன்றாகவே தெரியும். பாமரக் கூட்டத்துக்கு ஒன்றும் புரியாது, அவர்களைக் கூட்டி வைத்துக்கொண்டு தாங்களே நபிவழியான சுன்னத்தின் வாரிசு என்கிறார்கள் என்பார். மர்யமின் மகன் ஈஸா இறைவனின் சொல் என்பதால் அவர் படைக்கப்படவில்லை என்று சொல்லும் கிறிஸ்தவர்களைப் போல இருக்கிறது இவர்கள் பேச்சு என்பார். கொள்கையில் அவருக்கு உண்மையான நம்பிக்கை இருந்தது, 827-லேயே பகிரங்கமாக அறிவித்திருந்தார். ஆனால் அறிவித்தது 827, சோதனை வந்தது 833. மார்க்கத்தில் கடைசி வார்த்தை யாருடையது என்ற கேள்விதான் அதைச் சோதனையாக மாற்றியது என்பது என் முடிவு.

இமாம் அஹ்மதுக்கு அப்புறம் என்ன ஆயிற்று?

சிறையில் 2 ஆண்டுக்கும் மேல். பிறகு முஃதஸிம் முன்னால் நிறுத்தி, இப்னு அபீ துவாதும் மற்றவர்களும் வாதம் செய்தார்கள். அஹ்மத் திரும்பத் திரும்பக் கேட்டது ஒன்றுதான், இறைவனின் வேதத்திலிருந்தோ நபியின் சுன்னத்திலிருந்தோ ஏதாவது காட்டுங்கள், ஒப்புக்கொள்கிறேன். கடைசியில் சாட்டையால் அடித்தார்கள். மயங்கி விழுந்தார். பிறகு விடுதலை.

அவர் கடைசியில் ஒப்புக்கொண்டாரா என்பதில் இரண்டு கதை இருக்கிறது. அவர் மாணவர்களும் குடும்பத்தாரும் இல்லவே இல்லை என்கிறார்கள். முஃதஸிலா எழுத்தாளர் ஜாஹிஸ் ஒப்புக்கொண்டார் என்கிறார். இரண்டு பேருமே கட்சிக்காரர்கள்தான். ஒன்று மட்டும் உறுதி, பக்தாத் மக்கள் முதல் கதையை நம்பினார்கள், 855-இல் அவர் இறந்தபோது நகரமே திரண்டது.

இதற்காக யாராவது கொல்லப்பட்டார்களா?

வாஸிக் காலத்தில். அஹ்மத் இப்னு நஸ்ர் அல்-குஸாயீ பக்தாதில் கிளர்ச்சிக்கு ஏற்பாடு செய்ததாகப் பிடிபட்டு, 846-இல் ஸாமர்ரா நகரத்துக்குக் கொண்டுவரப்பட்டார். விசாரணையில் கிளர்ச்சி பற்றிக் கேட்காமல் குர்ஆன் பற்றித்தான் வாஸிக் கேட்டார், பிறகு தானே வாளை எடுத்து வெட்டினார். தலை பக்தாதிலும் உடல் ஸாமர்ராவிலும் பல ஆண்டுகள் தொங்கின. சட்ட அறிஞர் இமாம் ஷாஃபிஈயின் நேரடி மாணவர் புவைத்தீ எகிப்திலிருந்து விலங்கோடு கொண்டுவரப்பட்டு பக்தாத் சிறையிலேயே இறந்தார்.

எனக்கு இவற்றைவிட மனதை அறுப்பது இன்னொரு காட்சி. 845-இல் லாமிஸ் ஆற்றங்கரையில் பைஸாந்தியர்களோடு கைதிப் பரிமாற்றம் நடந்தது. எத்தனையோ காலம் எதிரி நாட்டில் அடைபட்டுக் கிடந்து கரைக்கு வந்த முஸ்லிம் கைதிகளிடமும் இந்தக் கேள்வியைக் கேட்டார்கள். படைக்கப்பட்டது என்று சொன்னவரை மீட்டார்கள். சொல்லாதவரை எதிரியிடமே விட்டுவிட்டார்கள்.

எப்படி முடிந்தது?

847-இல் வந்த முத்தவக்கில் படிப்படியாக நிறுத்தினார். முதலில் குர்ஆன் பற்றி வாதமே செய்யக் கூடாது என்று தடை. பக்கவாதத்தில் விழுந்திருந்த இப்னு அபீ துவாதின் குடும்பத்தை 851-இல் பதவியிலிருந்து நீக்கிச் சொத்தைப் பறித்தார். அதே ஆண்டு அஹ்மத் இப்னு நஸ்ரின் உடலை இறக்கி உறவினர்களிடம் கொடுத்தார்கள். முத்தவக்கிலை ரட்சகராகக் காட்டுவதையும் நான் ஏற்க மாட்டேன், கர்பலாவில் ஹுஸைனின் நினைவிடத்தை இடித்தவரும் அவரேதான்.

இன்றைக்கு முஸ்லிம்கள் இதில் என்ன நம்புகிறார்கள்?

சுன்னிகளிடம் ‘படைக்கப்படாதது’ என்பதே நிலைத்தது. ஆனால் முஃதஸிலாக்களின் கேள்வி சாகவில்லை. முஃதஸிலா ஆசிரியரிடமே படித்து, பிறகு அவர்களை விட்டு வெளியே வந்த அபுல் ஹஸன் அல்-அஷ்அரீயின் வழி வந்தவர்கள் இப்படிப் பிரித்தார்கள்: இறைவனிடம் இருக்கும் பேச்சு அநாதியானது, நாம் ஓதும் ஒலியும் எழுதும் எழுத்தும் படைக்கப்பட்டவை. ‘பே’க்குப் பிறகு ‘ஸீன்’ வருகிறதே என்ற பழைய கேள்விக்குத்தான் இது பதில். காயல்பட்டினம் மாதிரி நம் கடற்கரை ஊர்களின் ஷாஃபிஈ மத்ரஸாக்களில் அக்கீதா என்ற நம்பிக்கைக் கோட்பாட்டுப் பாடமாகச் சொல்லித்தரப்படுவது இந்த அஷ்அரீ வழிதான், அங்கே ஓதியவர்களுக்கு இந்தப் பிரிவினை மனப்பாடம். படைக்கப்பட்டது என்ற கருத்து யமனின் ஷியாப் பிரிவினரான ஸைதீகளிடம் தொடர்ந்தது. முஃதஸிலாப் பேரறிஞர் அப்துல் ஜப்பாரின் பெரும் நூல் 1950-களில் மறுபடி கிடைத்ததும் யமனில்தான். அதுவரை அவர்கள் வாதங்களைப் பெரும்பாலும் எதிரிகள் எழுதி வைத்த சுருக்கத்திலிருந்துதான் தெரிந்துகொள்ள முடிந்தது.